எண்ணெயில் ஓடும் டைமிங் பெல்ட்

பியூஜோ, சித்ரோன் கார்களில் உள்ள 1.2 லிட்டர் பியூர்டெக் பெட்ரோல் இன்ஜினின் முதல் வடிவங்களில், டைமிங் பெல்ட் இன்ஜினுக்குள்ளேயே ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. பெல்ட் ரப்பரால் ஆனது. இன்ஜின் ஆயிலில் கலந்துள்ள வேதிப்பொருட்கள் எல்லா ரப்பருக்கும் ஒத்துப்போவதில்லை. அதனால் பெல்ட்டின் ரப்பரோடு சேர்த்துச் சோதித்த ஆயிலுக்கே தயாரிப்பாளர் ஒப்புதல் தருகிறார். டப்பாவில் 0W-30 என்றிருப்பது ஆயிலின் பிசுக்குத்தன்மையை மட்டுமே காட்டும். கையேடு கேட்கும் B71 2312 போன்ற ஒப்புதல் எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

பொருந்தாத ஆயிலில் ரப்பர் மென்மையாகி உப்பி, வெடித்து, துணுக்குகளாக உதிர்கிறது. அவை ஆயில் பம்பின் உறிஞ்சு வலையை அடைக்க, ஆயில் அழுத்தம் குறைந்து எச்சரிக்கை விளக்கு எரியும். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்புக்கும் துணுக்குகள் போனால் பெடல் இறுகிவிடும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையக்கூடும்.

சரியான ஆயிலும் காலம் கடந்தால் கெடும். குறுந்தூர ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து ரப்பரை அரிக்கும். ஆகவே ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதும் அவசியம். ஆயில் ஊற்றும் வாய் வழியே அளவுகோலை வைத்து மெக்கானிக் பெல்ட்டின் அகலத்தைச் சோதிப்பார். உப்பிய பெல்ட் அதற்குள் அடங்காது.