வாசலில் நிற்கும் முதல் வாக்கியம்

அறிமுகமில்லாத ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். அல்லது தொலைபேசியில் அழைக்கிறீர்கள். தாங்கள் உதிர்க்கும் முதல் வாக்கியத்திலேயே அவருடைய முகம் மலரும், அல்லது சுருங்கும். சொற்கள் ஒன்றாகவே இருந்தாலும், அவற்றின் வரிசை மாறினால் விளைவும் மாறிவிடுகிறது. இது ஏன் என்று சற்றுச் சிந்திப்போமா?

பனூ ஆமிர் குலத்தவர் ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்து வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். அவர் அனுமதிதானே கேட்டார், அதில் குறை என்ன என்று நமக்குத் தோன்றும். ஆனால் நபியவர்கள் தம் பணியாளரிடம், அவருக்கு அனுமதி கேட்கும் முறையைக் கற்றுக்கொடுக்கும்படியும், முதலில் ஸலாம் கூறிவிட்டுப் பிறகு கேட்கச் சொல்லும்படியும் பணித்தார்கள். அதை வெளியிலிருந்தே செவியுற்ற அம்மனிதர் அவ்வாறே ஸலாம் கூறிக் கேட்டார், அனுமதியும் கிடைத்தது. அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது.

மற்றொரு நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்கள், தம் தந்தை விட்டுச்சென்ற கடன் சம்பந்தமாக நபியவர்களைக் காண வந்து கதவைத் தட்டினார்கள். யார் என்று உள்ளிருந்து வினவப்பட்டது. "நான்தான்" என்றார்கள் ஜாபிர். அந்த "நான்" என்ற சொல்லை நபியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த விடையை அவர்கள் விரும்பவில்லை என்பது ஜாபிருக்குப் புரிந்தது. வந்த நோக்கம் நியாயமானது, வந்தவரும் அந்நியரல்லர். ஆயினும் "நான்" என்பது யாருக்கும் பொருந்தும் சொல். கேட்டவரின் வினா விடையின்றியே நின்றுவிடுகிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் அடங்கியுள்ள காரணம் எளியது. எதிர்பாராத குரல் ஒன்று செவியில் விழுந்ததும், கேட்பவர் உள்ளத்தில் மூன்று வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. வந்திருப்பவரால் தீங்கு வருமா? இவர் யார்? என்னிடம் என்ன வேண்டும்? முதல் வினாவுக்கு ஸலாம் விடையளிக்கிறது. அதன் பொருளே உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்பதுதானே! இரண்டாவதற்குப் பெயரும், மூன்றாவதற்கு நோக்கமும் விடையாகின்றன. நோக்கத்தை முதலில் சொன்னால், முதலிரு வினாக்களில் சிக்கியிருக்கும் மனம் அதனைச் சரியாக உள்வாங்குவதில்லை. கோரிக்கை அதிகாரமாகத் தொனிக்கிறது.

அனுமதி பற்றிப் பேசும் திருக்குர்ஆன் வசனத்தில் (24:27) வரும் "தஸ்தஃனிஸூ" என்னும் சொல், இணக்கம் எனப் பொருள்படும் "உன்ஸ்" என்ற வேரிலிருந்து பிறந்தது. அந்நியம் நீங்கி இணக்கம் பிறந்த பின்பே நுழைவு என்பது அதில் தொனிக்கும் கருத்து.

இன்றைய ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தங்கள் மகளுக்கு வெளியூரிலிருந்து வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவரிடம் விசாரிக்க எண்ணுகிறீர்கள். "உங்கள் தெருவில் இன்னார் மகன் எப்படிப்பட்டவர்?" என்று தொடங்கினால், "நீங்கள் யார்? என் எண்ணை யார் கொடுத்தது?" என்ற எதிர்க்கேள்விதான் வரும். அதன்பின் எவ்வளவு பணிந்து பேசினாலும் ஐயம் அகல நேரமாகும்.

மாறாக, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று கூறிப் பதில் ஸலாமுக்குக் காத்திருங்கள். அந்தச் சிறு இடைவெளியில் அவரும் தங்களுக்காகப் பிரார்த்தித்துவிடுகிறார். பிறகு, "மேலப்பாளையத்திலிருந்து காதர் பேசுகிறேன். தங்கள் பள்ளிவாசல் இமாம் அவர்கள் எண்ணைத் தந்தார்கள். சம்பந்தம் ஒன்றைப் பற்றி இரண்டு விவரங்கள் கேட்க வேண்டும். இப்போது பேச வசதிப்படுமா?" என்று சொல்லுங்கள். வெறும் பெயர் மட்டும் போதாது. ஊரும், இடையில் உள்ள அறிமுகமும் சேரும்போதே பெயருக்குப் பொருள் உண்டாகிறது.

ஸலாமையும் பெயரையும் கூறிவிட்டு நோக்கத்தைத் தள்ளிப்போடுவதும் தவறே. நலம் விசாரிப்பு நீள நீள, "இவர் எதற்கு அடிபோடுகிறார்?" என்ற எண்ணம் கேட்பவருக்கு வளரும். "சரி... சொல்லுங்கள்" என்று அவர் இடைமறித்தால், தாங்கள் தாமதித்துவிட்டீர்கள் என்று அறியலாம்.

இவ்வரிசைக்கு விலக்கும் உண்டு. அண்டை வீட்டில் தீப்பற்றினால் "தீ!" என்பதே முதற்சொல்லாக இருக்க வேண்டும். மேலும், ஏமாற்றுவோரும் இனிய ஸலாமுடன்தான் தொடங்குகிறார்கள். ஆகவே தாங்கள் கேட்பவராக இருக்கும்போது, கூறப்பட்ட அறிமுகத்தை அந்த இமாமிடமே விசாரித்துக்கொள்வது மரியாதைக் குறைவாகாது.

இத்தனையும் முறையாகச் செய்த பின்னரும் அவர் "இப்போது இயலாது" என்று கூறலாம். திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்று அடுத்த வசனம் (24:28) அறிவுறுத்துகிறது. மறுக்கும் உரிமையையும் அவருக்கு அளித்துக் கேட்பவரே, அடுத்த முறையும் அதே வாசலில் முகமலர்ச்சியுடன் வரவேற்கப்படுவார்.