கம்பிக்குக் கவசம் நான்கரை சென்டிமீட்டர்



உத்திரமேரூர் வட்டாரத்தில் செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் காவாந்தண்டலம். அங்கிருந்து கடற்கரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவு. அவ்வூர்க் கொத்தனார் ஒருவர் அங்கே ஒரு மாடிவீடு கட்டினார். அடுத்த ஆண்டு கடலோரத்தில், சதுரங்கப்பட்டினத்தில், அதே அளவில் இன்னொரு வீடு கட்டினார். அதே கம்பி, அதே கலவை, அதே கைவேலை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஊர் வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கடலோர வீட்டிலோ ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடின் விளிம்பு பிளந்து, பாளம் பாளமாகப் பெயர்ந்து, கம்பி வெளியே தெரிந்தது.

"எல்லாம் உப்புக் காத்து, தம்பி" என்றார் கொத்தனார். அவர் சொன்னது சரி. ஆனால் கல்போல் இறுகிய கான்கிரீட்டுக்குள் உப்பு எப்படிப் போயிற்று? போன உப்பு என்ன செய்தது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், கடலோரத்தில் வீடு கட்டும் முறையும் தெரிந்துவிடும்.

துருவே பிடிக்காத இடம்

திறந்த வெளியில் கிடக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. அதே கம்பி நல்ல கான்கிரீட்டுக்குள் பல ஆண்டுகள் துருவின்றி இருக்கிறது. காரணம், கான்கிரீட்டின் காரத்தன்மை. சிமெண்ட் தண்ணீருடன் வினைபுரியும்போது சுண்ணாம்பு உண்டாகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள நீரின் பி.எச். மதிப்பு 12.5-க்கும் மேல். இவ்வளவு காரமான நீரில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, கம்பியைச் சட்டைபோல் மூடிக் காக்கிறது.

உப்பிலுள்ள குளோரைடு அயனி இந்தச் சட்டையில் ஓட்டை போடுகிறது. ஓட்டை விழுந்த இடம் மின்கலத்தின் ஆனோடு ஆகிறது. சுற்றியுள்ள கம்பி கேத்தோடு ஆகிறது. ஓட்டையில் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பு நீருடன் வினைபுரியும்போது அவ்விடத்தில் அமிலம் உண்டாகிறது. குளோரைடு மட்டும் செலவாவதில்லை. அது விடுபட்டு மறுபடியும் அதே வேலையைச் செய்கிறது.

துருவோ இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குமே தவிர இழுவிசையைத் தாங்காது. அதன் இழுவலிமை அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே உள்ளிருந்து துரு நெம்பும்போது கான்கிரீட் வெடிக்கிறது.

உப்பு நடக்கும் கணக்கு

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை 'கவர்' என்பார்கள். உப்பு இந்தத் தூரத்தை நுண்துளை நீரின் வழியே விரவிக் கடக்க வேண்டும். வகுப்பறையின் ஒரு மூலையில் அத்தரைத் திறந்தால் மணம் மெல்லப் பரவுகிறதல்லவா? அதே விரவல்தான். விரவலுக்கு ஒரு விதி உண்டு: கடக்கும் தூரம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

கணக்குக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். கெடுதல் செய்யும் அளவு உப்பு 20 மி.மீ. ஆழத்தை அடைய 8 ஆண்டுகள் ஆகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. அடைய எத்தனை ஆண்டுகள்? பதினாறு என்று சொல்லத் தோன்றும். ஆனால் தூரம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்கு. எனவே 32 ஆண்டுகள். 45 மி.மீ. என்றால் சுமார் 40 ஆண்டுகள்.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். கம்பி கட்டுபவர் கவர் பிளாக் வைக்க மறந்து, கம்பி தொய்ந்து பலகையிலிருந்து 10 மி.மீ. உயரத்திலேயே நின்றுவிட்டால், 8 ஆண்டு 2 ஆண்டாகிவிடும்! உடைந்த ஜல்லியையோ ஓட்டுத் துண்டையோ அடியில் செருகும் வழக்கம் ஏன் தவறு என்பது இப்போது புரிகிறதா? சரியான உயரத்தில் வார்த்த கவர் பிளாக்குகளையே வைக்க வேண்டும்.

தண்ணீர் தரும் துளைகள்

கவரின் கனம் மட்டும் போதாது. அது நெருக்கமாகவும் இருக்க வேண்டும். சிமெண்ட் வினைபுரிந்து தன்னோடு பிணைத்துக்கொள்ளும் தண்ணீர், அதன் எடையில் கால் பங்குக்கும் குறைவு. மீதித் தண்ணீர் கலவை இளகி ஓடுவதற்காகச் சேர்ப்பது. அது பின்னால் காய்ந்துபோய்த் துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகளே உப்புக்குப் பாதை.

கான்கிரீட்டின் தரத்தை எம் 20, எம் 30 என்று குறிப்பார்கள். 15 செ.மீ. கனசதுரமாக வார்த்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும்போது சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்குவது எம் 30. அந்தச் சிறு கட்டி சுமார் 69 டன் எடையைத் தாங்குகிறது என்று பொருள். சாதாரண வீட்டுக்கு இவ்வளவு வலிமை தேவையில்லை. ஆனால் அந்த வலிமையைத் தரும் குறைந்த தண்ணீரே துளைகளையும் குறைக்கிறது. அதற்காகவே கடலோரத்தில் உயர்ந்த தரம் கேட்கிறார்கள்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதிநூல் 2000-இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி கடலிலிருந்து விலகிய, சாதுவான சூழலில் எம் 20 தரமும், 20 மி.மீ. கவரும், சிமெண்ட் எடையில் 0.55 பங்குக்கு மிகாத தண்ணீரும் போதும். கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு எம் 30, 45 மி.மீ., 0.45 வேண்டும். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைக்குக் கணக்கிட்டால், ஊர் வீட்டில் 27.5 லிட்டர், கடலோரத்தில் 22.5 லிட்டர். மணலில் உள்ள ஈரமும் இதில் சேர்த்திதான். மேலும், சட்டிக் கணக்கில் கலக்கும் கலவை எம் 20 வரைதான். எம் 30-க்குப் பொருள்களைச் சோதித்து, கலவையை வடிவமைத்து, எடைபோட்டே கலக்க வேண்டும்.

கொத்தனாரின் சன்ஷேடுக்கு வருவோம். அதன் கனம் மூன்று அங்குலம், அதாவது 75 மி.மீ. அதன் கம்பி மேற்பக்கத்தில் இருந்தால்தான் பாரத்தை இழுத்துப் பிடிக்கும். அதே கனத்தில் 45 மி.மீ. கவர் விட்டால் கம்பி நடுவுக்கும் கீழே இறங்கி, பலனற்றுப் போகும். ஆகவே பொறியாளரைக் கொண்டு சன்ஷேடின் கனத்தையே கூட்ட வேண்டும். கவரை மட்டும் கூட்டுவது ஆபத்து.

விதி பொய்க்கும் இடங்கள்

நம் கணக்கு பழுதில்லாத கான்கிரீட்டுக்கே பொருந்தும். சரியாகக் குத்தி இறுக்காததால் தேன்கூடு போன்ற பொந்துகள் இருந்தாலும், ஏழெட்டு நாள் தண்ணீர் கட்டாமல் மேற்பரப்பு வெடித்தாலும், உப்பு நடக்காது, ஓடும். கடல் மணலிலும் உவர்நீரிலும் கலந்தால் காத்திருக்கவே வேண்டாம். உப்பு முதல் நாளே கம்பியருகில் இருக்கும். கம்பிக் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள நீர் கூடாது என்பது விதி.

கம்பிக்கே பூச்சு கொடுக்கும் முறையும் உண்டு. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சு ஒன்றை உருவாக்கியது. அந்நிறுவனத்துக்கு மண்டபத்தில் கடற்கரை ஆய்வு நிலையமும் உண்டு. ஆனால் பூச்சை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்காவின் ஃபிளாரிடா தீவுப் பாலங்களில் எபாக்சி பூசிய கம்பிகள், 1980-களில், கட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே துருப்பிடித்தன. வளைக்கும்போதும் இழுக்கும்போதும் பூச்சில் கீறல் விழுந்தால், அரிப்பு முழுவதும் அந்தச் சிறு இடத்திலேயே குவியும்.

நீங்களே பாருங்கள்

முலாம் பூசாத மூன்று புதிய ஆணிகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும், ஒன்றைத் தெளிந்த சுண்ணாம்பு நீரிலும், மூன்றாவதை ஒரு கரண்டி உப்பு சேர்த்த சுண்ணாம்பு நீரிலும் போட்டு, டம்ளர்களை மூடி வையுங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது. வெறும் நீரில் உள்ள ஆணி முதலில் துருப்பிடிக்கும். சுண்ணாம்பு நீரில் உள்ளது பளபளப்பாகவே இருக்கும். மூன்றாவது ஆணியில் சில வாரங்களில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் தோன்றலாம். அவை சட்டையில் விழுந்த ஓட்டைகள்.

கடலோர உறவினர் வீட்டுக்குப் போனால் சன்ஷேடின் விளிம்பைக் கவனியுங்கள். கம்பி ஓடும் திசையிலேயே நீளும் மெல்லிய வெடிப்பு, பழுப்புக் கறை, தட்டினால் 'டொக் டொக்' என்ற வெற்று ஒலி, இவையே துருவின் அடையாளங்கள். வெடிப்பின் மேல் சிமெண்ட் பூசி மறைப்பதில் பயனில்லை. மின்கலம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை வெட்டியெடுத்து, துருவைச் சுத்தமாக நீக்கி, புதிதாக வார்க்க வேண்டும். அதுவரை சன்ஷேடுக்கு அடியில் யாரும் நிற்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.

சதுரங்கப்பட்டினத்து வீட்டைக் கொத்தனார் அப்படித்தான் வெட்டிச் செப்பனிட்டார். இப்போது கடலோர வேலைக்குப் புறப்படும்போது, 45 மி.மீ. கவர் பிளாக்குகளை ஊரிலேயே வார்த்து, ஊறவைத்து எடுத்துச் செல்கிறார்.