சிறுநகர வரி விளம்பரச் சந்தையின் இருபக்கப் பொருளியல்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பழைய இருசக்கர வாகன விற்பனையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் உள்ளூர் வரி விளம்பரத் தளம் எந்தப் பக்கத்திற்கு மானியம் அளிக்க வேண்டும், எவ்வளவு தரகு பெறலாம் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பழைய இருசக்கர வாகன விற்பனை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. மொத்த விளம்பர எண்ணிக்கையைவிட ஒரு வட்டாரத்தில் ஒரு பொருளுக்குள்ள அடர்த்தியே சந்தையை நிலைநிறுத்துகிறது என்பதும், தளம் தன் கையால் செய்து தரும் பணியின் மதிப்பே தரகின் மேல்வரம்பு என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இருபக்கச் சந்தை, வலைப்பின்னல் விளைவு, வரி விளம்பரம், தரகு, மானியம், பெயர் மாற்றம்.

முன்னுரை

ஒரு சந்தைக்கு விற்போர் வருவது வாங்குவோரை நம்பி. வாங்குவோர் வருவது விற்போரை நம்பி. ஒரு பக்கத்தின் பெருக்கம் மறுபக்கத்தின் பயனைக் கூட்டுவதையே பொருளியலார் வலைப்பின்னல் விளைவு என்பர். இவ்வாறு இரு தரப்பினரை இணைத்துவைக்கும் அமைப்பை இருபக்கச் சந்தை எனக் கொண்டு, அதன் விலைக் கோட்பாட்டை 2003-இல் ழான் சார்லஸ் ரோஷே, ழான் டிரோல் ஆகியோர் விளக்கினர். இத்தகைய சந்தையில் மொத்தக் கட்டணம் எவ்வளவு என்பதோடு, அது இரு பக்கங்களுக்கிடையே எவ்வாறு பகிரப்படுகிறது என்பதும் விற்பனை அளவைத் தீர்மானிக்கும் என்பது அவர்களின் மையக் கருத்து. 

இக்கோட்பாடு பெருநகரங்களையும் கடன் அட்டை நிறுவனங்களையும் கொண்டே பெரிதும் பேசப்பட்டுள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 5.65 இலட்சம் பேரும், அரியலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 7.55 இலட்சம் பேரும் வாழ்ந்தனர், பெரும்பான்மையோர் சிற்றூர்வாசிகள். இத்தகைய சிதறிய சந்தையில் அக்கோட்பாடு எவ்வாறு பொருந்துகிறது என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் காட்டும் முன்மாதிரி

இருபக்கச் சந்தை இப்பகுதிக்குப் புதியதன்று. பெரம்பலூர், ஜெயங்கொண்டம் போன்ற ஊர்களில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் உழவரையும் வணிகரையும் இணைக்கின்றன. தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை (ஒழுங்குமுறை) சட்டம், 1987-இன்கீழ் விளைபொருள் மதிப்பில் நூற்றுக்கு ஒரு ரூபாய் சந்தைக் கட்டணமாக வாங்குவோரிடம் பெறப்படுகிறது. விற்கும் உழவரிடம் தரகு பெறப்படுவதில்லை. அதாவது, விற்பவர் பக்கத்திற்கு மானியம், வாங்குபவர் பக்கத்திற்குக் கட்டணம்.

இக்கட்டணத்தை வசூலிக்க முடிவதற்குச் சட்ட வலிமையோடு வேறொரு காரணமும் உண்டு. பருத்தி மூட்டை கூடத்திற்குள் வருகிறது. அங்கேயே எடை போடப்படுகிறது. மறைமுக ஏலத்தில் அங்கேயே விலை முடிவாகிறது. பரிமாற்றத்தின் முதன்மையான படிகள் கூடத்தின் கண்முன் நிகழ்வதால் கட்டணம் கைநழுவுவதில்லை. வரி விளம்பரத் தளத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அது தொலைபேசி எண்ணைக் கொடுத்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. பொருளைப் பார்ப்பதும் விலை பேசுவதும் பணம் கைமாறுவதும் தளத்தின் கண்ணுக்கு அப்பால் நிகழ்கின்றன. இந்த வேறுபாடு தரகு பற்றிய பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

எண்ணிக்கையும் அடர்த்தியும்

வண்டி தேடும் ஒருவருக்கு விலை, வகை, ஆண்டு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பத்து விளம்பரங்களில் ஒன்று அவருக்குப் பொருந்தும் எனக் கொள்வோம். அவர் காணும் n விளம்பரங்களில் குறைந்தது ஒன்றாவது பொருந்துவதற்கான வாய்ப்பு 1 − (0.9)ⁿ ஆகும். 7 விளம்பரங்கள் இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடு. 22 இருந்தால் 90 விழுக்காடு. 44 இருந்தால் 99 விழுக்காடு. தொடக்கத்தில் ஒவ்வொரு விளம்பரமும் பெரும் பயன் தருகிறது. இருபதைக் கடந்தபின் கூடுதல் பயன் விரைவாகத் தேய்கிறது.

இக்கணக்கை இரு மாவட்டங்களுக்குப் பொருத்துவோம். பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர், அரியலூர், உடையார்பாளையம், செந்துறை, ஆண்டிமடம் என வட்டங்கள் எட்டு. ஒரு தளம் வாகனம், வீட்டு வாடகை, கால்நடை, வேலை, மனை, வீட்டுப் பொருள் என ஆறு வகைகளில் 300 விளம்பரங்களைத் திரட்டுவதாகக் கொண்டால், அவை 48 கட்டங்களில் பரவிக் கட்டத்திற்கு ஆறு என்ற அளவில் நிற்கும். தேடுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் வெறுங்கையுடன் திரும்புவர், மறுமுறை வரமாட்டார். மாறாக, இருசக்கர வாகனம் என்னும் ஒரே வகையில், பெரம்பலூர் சுற்றுவட்டாரத்தில் 30, அரியலூர் சுற்றுவட்டாரத்தில் 30 என 60 விளம்பரங்கள் மட்டும் திரட்டினால், வருபவர்களுள் 96 விழுக்காட்டினர் பொருத்தமான ஒன்றையேனும் காண்பர். விளம்பரம் ஐந்தில் ஒரு பங்கு. பயனோ இரு மடங்கு.

வட்டாரத்தின் எல்லையைப் பயணச் செலவே வகுக்கிறது. பழைய வண்டியைப் பார்க்க ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள மற்றொரு மாவட்டத் தலைநகருக்குச் செல்ல ஒருவர் தயங்கக்கூடும். அதைவிடத் தொலைவு செல்ல வேண்டுமெனில் பெரம்பலூர்வாசி திருச்சிராப்பள்ளிக்கே போய்விடுவார்; அங்குத் தெரிவுகள் மிகுதி. எனவே உள்ளூர்த் தளத்தின் மெய்யான போட்டியாளர் அருகிலுள்ள பெருநகரச் சந்தையே.

எந்தப் பக்கத்திற்கு மானியம்?

ஒரு கட்டத்தில் எந்தப் பக்கம் அரிதோ, எந்தப் பக்கத்தின் வருகையை மறுபக்கம் மிகுதியாக விரும்புகிறதோ, அப்பக்கமே மானியத்திற்கு உரியது. பழைய வாகனத்தில் அப்பக்கம் தன் ஒரே வண்டியை விற்கும் குடும்பத்தார். அவர் ஆண்டுக்கு ஒருமுறைகூட விற்பதில்லை. சிறு கட்டணம் கேட்டாலும் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் சொல்லி விற்றுவிடுவார். வாங்குபவர் தேடுவதும் இத்தகைய ஒரே கை வண்டியைத்தான்.

ஆனால் விற்பவர் பக்கத்தில் இருவகையினர் உள்ளனர். பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்காரருக்கு விளம்பரம் தொழிற்செலவு. பயன் கிடைத்தால் கட்டணம் செலுத்துவார். வரம்பின்றி இலவசம் அளித்தால் ஒரே கடை நாற்பது விளம்பரங்களை இட்டுக் குடும்ப விற்பனையாளரின் விளம்பரத்தைக் கீழே தள்ளிவிடும். எனவே ஓர் எண்ணுக்கு இரண்டு விளம்பரம் இலவசம், அதற்குமேல் கட்டணம் என்னும் வரம்பு, ஒரே பக்கத்திற்குள்ளேயே மானியத்தையும் வருவாயையும் பிரித்துவிடுகிறது. அமெரிக்காவின் கிரெய்க்ஸ்லிஸ்ட் தளமும் பெரும்பாலான விளம்பரங்களை இலவசமாக விட்டு, சில நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கும் நியூயார்க்கின் வீட்டுத் தரகர்களுக்கும் கட்டணம் விதித்தது.

மானியத்தைப் பணமாக அளிப்பது ஆபத்தானது. விளம்பரத்திற்கு இருபது ரூபாய் பரிசு என்றால் இல்லாத வண்டிக்கும் விளம்பரம் வரும். அதே தொகையைப் பணியாக அளிக்கலாம்: ஆள் சென்று வண்டியைப் படமெடுத்தல், ஆர்.சி. புத்தகத்திலுள்ள பெயரைச் சரிபார்த்தல், காப்பீட்டு நாளைக் குறித்தல். இது விற்பவருக்கு உதவி, வாங்குபவருக்கு நம்பிக்கை, பொய் விளம்பரத்திற்குத் தடை. கட்டத்தில் இருபது விளம்பரங்களைக் கடந்தபின் இம்மானியத்தை அடுத்த கட்டத்திற்கு மாற்றலாம் என்பதை முற்பகுதிக் கணக்கு காட்டுகிறது.

வகை மாறினால் விடையும் மாறும். வேலை விளம்பரத்தில் வேலை தேடுவோர் பலர், தருவோர் சிலர். ஆயினும் கட்டணம் செலுத்தும் வல்லமை தருவோரிடமே உண்டு என்பதால் தொடக்க மானியத்திற்குப் பின் அவர்களே கட்டணப் பக்கமாவர்.

தரகின் மேல்வரம்பு

30,000 ரூபாய்க்கு விற்கும் வண்டியில் ஐந்து விழுக்காடு தரகு 1,500 ரூபாய். எண்ணைப் பெற்றுக்கொண்ட இருவரும் நேரில் சந்தித்ததும் அத்தொகையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதே இயல்பு. தளத்தைத் தவிர்ப்பதால் அவர்கள் எதை இழப்பார்களோ, அதன் மதிப்பைவிடத் தரகு குறைவாக இருந்தால் மட்டுமே அவர்கள் தளத்திற்குள் நிற்பர். தொடர்பு எண்ணைத் தவிர வேறெதுவும் தராத தளத்தைத் தவிர்ப்பதில் இழப்பே இல்லை. அங்கு எந்த விழுக்காடும் நிலைக்காது.

பழைய வண்டி விற்பனையில் இழப்பதற்குரிய ஒன்று உண்டு: பெயர் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியன தேவை. கடன் நிலுவை குறிப்பிடப்பட்டிருந்தால் அதை நீக்கப் படிவம் 35-உம் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். இது நடைபெறாவிடில் வண்டி கைமாறிய பின்னும் பழைய பெயரே பதிவேட்டில் நிற்கும். விபத்து இழப்பீட்டு வழக்கில் பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் தீர்ப்பளித்தது. காப்பீடு காலாவதியான வண்டியெனில், விற்றுவிட்டோம் என எண்ணியிருக்கும் குடும்பத்தின்மீது பெருந்தொகை விழக்கூடும்.

தளம் படிவங்களை நிரப்பி, வாங்குபவரின் பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறும்வரை நிறுத்திவைத்தால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைப் போலவே பரிமாற்றம் அதன் கண்முன் நிகழத் தொடங்கும். இப்பணியை இருவரும் சேர்ந்து 800 ரூபாய் பெறுமானமுடையதாகக் கருதுவதாக வைத்துக்கொள்வோம். நூறு விற்பனைகளில் 1,500 ரூபாய் தரகுக்குப் பத்துப் பேர் மட்டுமே நின்றால் வருவாய் 15,000 ரூபாய். 500 ரூபாய் நிலைக்கட்டணத்திற்கு அறுபது பேர் நின்றால் வருவாய் 30,000 ரூபாய். பணிச்செலவு விற்பனைக்கு 200 ரூபாய் எனக் கழித்தால் எஞ்சுவது முறையே 13,000, 18,000 ரூபாய். இவை விளக்கத்திற்கான எடுகோள்கள். எண்கள் மாறலாம், ஆனால் கட்டணம் 800-ஐத் தாண்டும்போது வருவாய் சரியும் என்னும் வடிவம் மாறாது. வண்டி விலை உயர்ந்தாலும் பெயர் மாற்றப் பணி அதேதான் என்பதால் விழுக்காட்டைவிட நிலைக்கட்டணமே பொருந்துகிறது.

சீர்கேட்டின் அறிகுறிகள்

மிகுதரகின் மறைமுகக் கேடு, தளத்தின் கண் மறைக்கப்படுவதாகும். தளத்திற்கு வெளியே விற்றவர் அதைத் தெரிவிக்கமாட்டார்; விற்ற வண்டியின் விளம்பரம் அப்படியே நிற்கும். அழைப்பவருக்கு "வண்டி போயிடுச்சு" என்னும் விடையே கிடைக்கும். ஏட்டில் முப்பது விளம்பரம் இருந்தும் உயிருள்ளவை பத்து எனில் மெய்யான வாய்ப்பு 96-லிருந்து 65 விழுக்காடாக வீழ்கிறது. ஆகவே பதிவான விளம்பரங்களின் எண்ணிக்கை நலத்தின் அளவுகோலாகாது. முதல் வாரத்தில் ஓர் அழைப்பேனும் பெற்ற விளம்பரங்களின் பங்கு, எதுவும் கிட்டாத தேடல்களின் பங்கு ஆகிய இரண்டையும் வட்டார வாரியாகக் காண வேண்டும். முன்னது குறைந்தால் வாங்குவோர் பற்றாக்குறை. பின்னது கூடினால் விற்போர் பற்றாக்குறை. மானியம் எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதை இவை சுட்டும். பதினைந்து நாளில் விளம்பரம் தானே விலகுமாறு செய்து, புதுப்பிக்க ஓர் அழைப்பு மட்டும் கேட்பது செத்த விளம்பரங்களைக் களையும்.

தொகுப்புரை

பெரம்பலூர், அரியலூர் போன்ற சிதறிய சந்தையில் ஒரு வகை, ஒரு வட்டாரம் என்னும் கட்டத்தை நிரப்பிய பின்னரே அடுத்த கட்டத்திற்குச் செல்வது ஏற்றது. மானியம் எப்போதேனும் விற்கும் குடும்பத்தாருக்குப் பணி வடிவில் செல்ல வேண்டும். கட்டணம் தொழில்முறை விற்பனையாளரிடமிருந்து வர வேண்டும். தரகு, தளம் அறிமுகப்படுத்தியதற்கான கூலியாக அன்றி, விற்பவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கித் தருவதற்கான கூலியாக அமையும்போதே நிலைக்கும்.