62 நார்மல்தானா?

மூளைக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு முதுகிலிருந்து நீர் எடுத்துவிட்டார்கள். சில மணி நேரத்தில் ரிப்போர்ட் கைக்கு வருகிறது. செல் கவுண்ட், புரோட்டீன், குளுக்கோஸ் என்று மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நார்மல் அளவும் அச்சாகியிருக்கும். வார்டுக்கு வெளியே நிற்கும் உறவினர்கள் எண்களை ஒப்பிட்டுப் பார்த்து, எது கூடியிருக்கிறது, எது சரியாக இருக்கிறது என்று தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த மூன்றில் அதிகம் ஏமாற்றக்கூடியது குளுக்கோஸ். நோயாளிக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் கேட்கவே வேண்டாம். சர்க்கரை நோய் இல்லாத வீடே குறைவு என்னும் நம் ஊரில் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சித்திக்கு 56 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு வாரமாக மாலையானால் காய்ச்சல், விடாத தலைவலி. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் வாந்தி. மகனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தலைக்கு ஸ்கேன் பார்த்துவிட்டு முதுகில் நீர் எடுக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் செல் 210, அதில் 80 சதவீதம் லிம்போசைட். புரோட்டீன் 190. குளுக்கோஸ் 62. அச்சிட்டிருக்கும் நார்மல் அளவு 45 முதல் 80 வரை என்பதால், குளுக்கோஸ் சரியாக இருக்கிறது என்று மகனுக்கு ஆறுதல்.

முதல் வரியிலிருந்து வருவோம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில், பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டருக்கு ஐந்து வெள்ளை அணுக்களுக்கு மேல் இருப்பதில்லை. 210 என்றால் அழற்சி இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. எந்த வகை அணு என்பது அடுத்த கேள்வி. சீழ் பிடிக்கும் பாக்டீரியா வந்தால் நியூட்ரோஃபில் கூட்டம் கூட்டமாக வரும். எண்ணிக்கை பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும், நீரே கலங்கிவிடும். வைரஸ், காசநோய், பூஞ்சை ஆகியவற்றில் லிம்போசைட் மிகுந்திருக்கும். எண்ணிக்கை பெரும்பாலும் சில நூறுகளில் நிற்கும். ஆனால் வைரஸிலும் காசநோயிலும் முதல் நாட்களில் நியூட்ரோஃபில் கூடியிருப்பது உண்டு. ஆகவே இந்த வரியை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது.

இரண்டாவது வரி புரோட்டீன். 100 மில்லி நீரில் 45 மில்லிகிராம் வரை சாதாரணம். ரத்தத்திலிருக்கும் புரோட்டீன் இந்த நீருக்குள் எளிதில் நுழைய முடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. அழற்சி வந்தால் அது கசியத் தொடங்கும். வைரஸில் புரோட்டீன் ஓரளவே ஏறும், பெரும்பாலும் நூறுக்குள். 190 என்பது வைரஸுக்குக் கொஞ்சம் அதிகம்.

இப்போது மூன்றாவது வரி. தண்டுவட நீரில் உள்ள குளுக்கோஸ் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம் இங்கே இருக்க வேண்டும். சித்தியின் 62 சரியா, குறைவா என்பதை அச்சிட்ட அளவு சொல்லாது. அந்த நேரத்தில் அவருடைய ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதுதான் சொல்லும். நீர் எடுப்பதற்குச் சற்று முன் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 248. அப்படியானால் தண்டுவட நீரில் சுமார் 150 இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 62, அதாவது கால் பங்கு. பாதிக்குக் கீழே போனாலே காசநோயை நினைக்க வேண்டும். நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனால் பாக்டீரியா, காசநோய், பூஞ்சை மூன்றையும் தேடியே ஆக வேண்டும். மகன் ஆறுதல் அடைந்த அதே எண்தான் இந்த ரிப்போர்ட்டில் மிகவும் கவலைக்குரியது.

ஒரு எச்சரிக்கை: ரத்தச் சர்க்கரை மிக உயரும்போது தண்டுவட நீரில் அது அதே விகிதத்தில் ஏறுவதில்லை. சர்க்கரை 400 இருப்பவருக்கு விகிதம் நாற்பத்தைந்து சதவீதம் என்று வந்தால், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கால் பங்குக்கு இந்தச் சமாதானம் போதாது.

நேரமும் முக்கியம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலோ இறங்கினாலோ அந்த மாற்றம் தண்டுவட நீரில் தெரிய இரண்டு மணி நேரமாவது ஆகும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரையை வைத்து மாலையில் எடுத்த நீரைக் கணக்கிட்டால் தவறாகப் போகும். இடையில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றியிருந்தாலும் இன்சுலின் போட்டிருந்தாலும் அப்படியே. நீர் எடுத்த பிறகு அது எங்கே கிடந்தது என்பதும் கேட்க வேண்டிய விஷயம். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தால் நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி சிதைந்துவிடும். எண்ணிக்கை குறைத்துக் காட்டும். எடுத்தவுடன் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். ஊசி குத்தும்போது ரத்தம் கலந்துவிட்டால் செல்லும் புரோட்டீனும் கூடித் தெரியும். சிவப்பணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து டாக்டர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்வார்கள்.

சித்தியின் மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தால் லிம்போசைட், உயர்ந்த புரோட்டீன், உண்மையில் மிகக் குறைந்த குளுக்கோஸ். இரண்டு வாரத்துக்கு மேல் நீண்ட காய்ச்சலும் சேரும்போது காசநோய் மூளைக்காய்ச்சல் முதலிடத்துக்கு வருகிறது. கிளினிக்கில் போட்ட ஊசி ஆன்டிபயாட்டிக்காக இருந்தால், அரைகுறையாக அடங்கிய பாக்டீரியா நோயும் இதே முகத்தைக் காட்டலாம். ஆகவே அதே நீரில் காசநோய்க்கான சிபிநாட் பரிசோதனையும், பூஞ்சைக்கான பரிசோதனையும், பாக்டீரியா கல்ச்சரும் கேட்பார்கள்.

சிபிநாட் பாசிட்டிவ் என்று வந்தால் காசநோய் உறுதி. நெகட்டிவ் என்று வந்தால் காசநோய் இல்லை என்று பொருளல்ல. இந்த நீரில் கிருமிகள் மிகச் சொற்பமாகவே இருக்கும், எடுத்த சில மில்லியில் சிக்காமல் போகலாம். கல்ச்சர் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் அடைபடலாம், தலைக்குள் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால்தான் சோதனை நெகட்டிவ் ஆனாலும் டாக்டர் காசநோய் மருந்தையும் ஸ்டீராய்டையும் தொடங்கச் சொல்கிறார். “நெகட்டிவ்னுதானே சார் வந்திருக்கு, எதுக்கு மருந்து?” என்று மகன் கேட்டால், பதில் அந்த மூன்று வரிகளில் இருக்கிறது. சிகிச்சை ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை போகும்.

இதில் உறவினர்கள் செய்யக்கூடிய உதவி பெரியது. கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது இன்சுலின் போட்டார், வெளியில் என்ன ஊசி போட்டார்கள், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பவை லேபுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். மருந்துச் சீட்டுகளையும் காலி அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம், “நீர் எடுத்த நேரத்தில் ரத்தச் சர்க்கரை எவ்வளவு இருந்தது?” என்று கேளுங்கள். அந்த எண் எங்கும் குறிக்கப்படவில்லை என்றால் குளுக்கோஸ் வரியைப் பார்த்து நிம்மதியும் அடைய வேண்டாம், பயமும் கொள்ள வேண்டாம். அதை இன்னும் யாராலும் முழுதாகப் படிக்க முடியாது.