திரைக்குக் கீழே போன பட்டன்

போனில் ஒரு விண்ணப்பத்தை நிரப்புகிறோம். பெயர், முகவரி, செல்பேசி எண் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அடுத்து அழுத்த வேண்டிய 'சமர்ப்பி' பட்டனைக் காணோம். திரையின் அடிவிளிம்பில் வெள்ளையாக ஒரு மெல்லிய கீற்று மட்டும் தெரிகிறது. விரலால் தள்ளினால் நடுவில் இருக்கும் கட்டங்கள் மேலும் கீழும் போகின்றன, கீற்று அசையவில்லை. அதே பக்கத்தைக் கணினியில் திறந்தால் பட்டன் பளிச்சென்று இருக்கிறது. போனில் கோளாறு, இணையம் மந்தம் என்று நினைத்துப் பலர் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் காரணமல்ல. அந்தப் பக்கத்தை எழுதியவர் 'திரையின் முழு உயரம்' என்று ஓர் அளவைக் கொடுத்திருப்பார். அந்த அளவு போனில் நம் கண்ணுக்குத் தெரியும் உயரத்தைவிடப் பெரியது.

இணையப் பக்கங்களின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் `vh` என்றோர் அலகு உண்டு. பக்கத்துக்குக் கிடைக்கும் உயரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு 1vh. ஆகவே `100vh` என்றால் முழு உயரம். கணினியில் இதில் குழப்பமே இல்லை, ஏனென்றால் அங்கே பிரவுசரின் முகவரிப் பட்டை ஒரே இடத்தில் நிற்கும். போனில் அது நிற்பதில்லை. பக்கத்தைத் திறந்ததும் பட்டை தெரியும். கீழே படித்துக்கொண்டு போனால் இடம்விட்டு ஒதுங்கும். மேலே திரும்பினால் மறுபடி வரும். அப்படியானால் 'முழு உயரம்' என்பது பட்டை இருக்கும்போது கிடைப்பதா, ஒதுங்கியபின் கிடைப்பதா?

ஐபோனின் சஃபாரி, பட்டை ஒதுங்கியபின் கிடைக்கும் பெரிய உயரத்தையே எடுத்துக்கொண்டது. இது தவறு என்று முறையிட்டவர்களுக்கு 2015-ல் சஃபாரியின் உள்ளியந்திரமான வெப்கிட்டைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், தெரிந்தேதான் அப்படிச் செய்தோம் என்று விளக்கம் சொன்னார். பட்டை நகர நகர அளவும் மாறினால், விரல் நகரும் ஒவ்வொரு கணமும் பக்கம் முழுவதையும் புதிதாக அடுக்க வேண்டியிருக்கும். படித்துக்கொண்டிருக்கும் வரி கண்ணெதிரே துள்ளும், படங்கள் நீண்டு சுருங்கும். சின்ன உயரத்தை நிலையாக வைத்தால், பட்டை ஒதுங்கியதும் அடியில் இடைவெளி விழும். ஆகவே பெரியதை நிலையாக வைத்தார்கள். ஆண்ட்ராய்டு குரோமும் 2017-ல் வந்த 56-ஆம் பதிப்பில் இதே வழிக்கு வந்தது. ஒரு கட்டுரையைப் படிக்கிறவருக்கு இது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். அடியில் பட்டன் வைத்த பக்கத்தில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் அதன் சுமை முழுதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு போனில் பட்டை ஒதுங்கியபின் பக்கத்துக்கு 776 பிக்சல் உயரம் கிடைக்கிறது என்று வையுங்கள். பட்டையின் உயரம் 56. ஆகப் பக்கம் திறந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது 720 தான். பக்கத்தை எழுதியவர் உயரம் `100vh` என்று கொடுத்திருக்கிறார். அது 776 ஆகிறது. மேலே தலைப்பு, நடுவில் தனியாக நகரும் விண்ணப்பக் கட்டங்கள், அடியில் 64 பிக்சலுக்கு ஒரு தளம். தளத்தின் மேலும் கீழும் 8 பிக்சல் இடம் விட்டு, நடுவில் 48 பிக்சல் உயரப் பட்டன். இந்தத் தளம் 712-ல் தொடங்கி 776-ல் முடியும். நம் பார்வையோ 720-ல் நின்றுவிடுகிறது. தளத்தின் மேல் ஓரத்தில் விட்ட வெற்றிடம், அந்த 8 பிக்சல் மட்டும் தெரியும். நாம் பார்த்த கீற்று அதுதான். பட்டன் சரியாக 720-ல் ஆரம்பிக்கிறது. அதில் ஒரு துளிகூடக் கண்ணில் படாது.

தள்ளிப் பார்த்தும் வராததற்கும் காரணம் இருக்கிறது. பக்கம் முழுவதும் நகர்ந்தால்தான் முகவரிப் பட்டை ஒதுங்கும். இங்கே நகர்வது நடுப்பகுதி மட்டுமே. பக்கமே நகரக்கூடாது என்று `overflow: hidden` கொடுத்துப் பூட்டியிருந்தால், பட்டை ஒதுங்க வழியில்லை; பட்டை ஒதுங்காதவரை பட்டனும் மேலே வராது. அப்படிப் பூட்டாத பக்கத்தில், நடுப்பகுதி கடைசிவரை போனபின் விரலை மறுபடி மேலே தள்ளினாலோ, நகராத தலைப்பைப் பிடித்துத் தள்ளினாலோ பக்கம் 56 பிக்சல் ஏறி பட்டன் தெரியும். அதனால்தான் ஒரே பக்கம் ஒருவருக்குச் சரியாக வருகிறது, பக்கத்து இருக்கைக்காரருக்கு வரவில்லை. புகார் கேட்கிறவர்களும் 'எங்களுக்கு நன்றாகத்தானே தெரிகிறது' என்கிறார்கள். பூட்டிய பக்கத்தில் ஐபோன்காரர்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது: சஃபாரியில் முகவரியை ஒட்டிய மெனுவில் கருவிப் பட்டையை மறைக்கும் கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் பட்டை விலகி இடம் கிடைக்கும்.

பக்கம் எழுதுகிறவர்கள் ஏழெட்டு ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டினார்கள். தெரியும் உயரத்தை ஜாவாஸ்கிரிப்ட்டால் அளந்து ஊட்டுவது வழக்கமான வைத்தியமாக இருந்தது. 2022-ல்தான் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் புதிய அலகுகள் வந்து சேர்ந்தன. `lvh` பட்டை ஒதுங்கிய பெரிய உயரம், `svh` பட்டை இருக்கும்போதுள்ள சின்ன உயரம், `dvh` அந்தந்த நேரத்து உயரம்.

பலரும் `dvh`-ஐத்தான் முதலில் எடுக்கிறார்கள். நேரத்துக்குத் தக்கபடி மாறுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுப் பக்கமும் நகரும் இடத்தில் அதை வைத்தால், வெப்கிட் பொறியாளர்கள் அன்று தவிர்க்க நினைத்த அதே துள்ளல் திரும்பி வரும். பட்டன் தெரிந்தே ஆகவேண்டிய விண்ணப்பத்துக்கு நான் `svh`-ஐத்தான் சொல்வேன்.

```css
.page {
  height: 100vh;
  height: 100svh;
}
```

இரண்டு வரியும் வேண்டும். புதிய பிரவுசர் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். பழையது அது புரியாமல் முதல் வரியோடு நின்றுவிடும். நம் கணக்கில் இப்போது பக்கத்தின் உயரம் 720. அடித்தளம் 656-ல் தொடங்கி 720-ல் முடிகிறது. பட்டன் முழுதாகக் கையருகே வந்துவிட்டது. எப்போதாவது பட்டை ஒதுங்கினால் அடியில் 56 பிக்சல் வெறுமையாக நிற்கும். பின்னணிக்கு அதே நிறத்தைக் கொடுத்துவிட்டால் அது யார் கண்ணையும் உறுத்தாது. பழைய போன்களையும் காப்பாற்ற வேண்டுமானால் அடித்தளத்துக்கு `position: fixed; bottom: 0` கொடுக்கலாம். அது `vh` கணக்கைப் பார்க்காமல், தெரியும் திரையின் அடியை ஒட்டி நிற்கும். ஆனால் அதன் பின்னால் கடைசிக் கட்டம் மறையாதபடி நடுப்பகுதியின் அடியில் தளத்தின் 64-ம் பட்டையின் 56-ம் சேர்த்து 120 பிக்சல் இடம் விடவேண்டும்.

இந்தப் பிழை எழுதுகிறவர் கண்ணுக்குத் தப்புவதற்கும் காரணம் உண்டு. கணினி குரோமில் போன் அளவுக்குத் திரையைச் சுருக்கிக் காட்டும் வசதியில் ஒதுங்கி வரும் முகவரிப் பட்டை கிடையாது. அங்கே `100vh`-ம் தெரியும் உயரமும் ஒன்றே. உண்மையான போனில், பக்கத்தைப் புதிதாகத் திறந்து, எதையும் தொடுவதற்கு முன் அடிவிளிம்பைப் பார்க்க வேண்டும். அங்கே வெட்டுப்பட்ட அளவு ஏறக்குறைய முகவரிப் பட்டையின் உயரமாக இருந்தால் குற்றவாளி இதுதான்.

கட்டத்தைத் தொட்டதும் எழும்பும் விசைப்பலகை பட்டனை மூடினால் அது வேறு கதை. இந்தப் புதிய அலகுகள் எதுவும் விசைப்பலகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குரோமில் அதற்கென்று பக்கத்தின் `viewport` வரியில் `interactive-widget=resizes-content` என்று தனியாகச் சேர்க்க வேண்டும்.