நாக்கு சிக்கும் இடம்

15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் பாடிய 'முத்தைத்தரு' திருப்புகழின் சந்தம் இது: தத்தத்தன தத்தத் தனதன. குறிலை ஒன்றாகவும், ஒற்று அடுத்த குறிலை இரண்டாகவும் எண்ணினால் ஆறு, நான்கு, நான்கு, மொத்தம் பதினான்கு. இது மூன்று முறை அடுக்கி வந்தபின் 'தனதான' என்ற தொங்கல் வரும்.

கணக்கு எளிதுதான். வாய்க்குத்தான் சோதனை. தத்த, தந்த, தான மூன்றுக்கும் அளவு ஒன்றே. ஆனால் சந்தத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வராது. 'தான'வில் நெடிலை இழுத்துக் கமகம் சேர்க்கலாம். 'தந்த'வில் மூக்கொலியாவது சுருதியைத் தாங்கும். 'தத்த'வில் வல்லொற்று குரலையே அடைத்துவிடுகிறது. அகாரத்தை நீட்டியே பழகிய பாடகர் அங்கும் தம்மை அறியாமல் நீட்டி, 'தாத்த' ஆக்கிவிடுவார். ஓரளவு கூடியதும் தாளம் பின்தங்கும். அதை ஈடுகட்ட அடுத்த 'தனதன'வை விழுங்குவார். சொல் தேய்வதைக் கேட்டே இதைக் கண்டுபிடிக்கலாம்.

மூச்சும் இடிக்கிறது. இடையில் நெடிலே இல்லாததால் தொங்கல்வரை வசதியாக நிற்க இடமில்லை. ராகத்தை ஒதுக்கிவைத்து, கையில் தாளமிட்டுச் சந்தத்தை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பழகுவதே, என் பார்வையில், நேரான வழி.