ஏற்கெனவே கொடுத்த 2.97 டாலர்

இரவு ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறியவர், ஏசி பெட்டியில் இடம் காலியாக இருக்கிறதா என்று டிக்கெட் பரிசோதகரிடம் கேட்கிறார். இடம் இருந்தால் பரிசோதகர் இரண்டு கட்டணங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதித் தருகிறார். பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். ஏசி கட்டணம் முழுவதையும் புதிதாகக் கட்டச் சொன்னால் அவர் இருந்த இடத்திலேயே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

ஒரு பொருளை வாங்கிய சில நாட்களிலேயே “இதைவிட மேலானது இருக்கிறது, மாறிக்கொள்ளுங்கள்” என்று கடைக்காரரிடமிருந்து அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தால் பலருக்கும் எரிச்சல் வருகிறது. மேலானதை யாரும் வெறுப்பதில்லை. தான் கொடுத்த பணம் அந்தப் பேச்சில் எங்குமே கணக்கில் வரவில்லை என்பதுதான் உறுத்துகிறது. அந்தப் பணத்தைக் கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007-ஆம் ஆண்டில் ஒரு தெளிவான உதாரணம் கிடைத்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் இசைக் கடை 2003-இல் அமெரிக்காவில் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். முழு ஆல்பம் பெரும்பாலும் 9.99 டாலர். பிடித்த பாட்டை மட்டும் வாங்கலாம் என்பதே அந்தக் கடையின் கவர்ச்சி. ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது. ஒரு ரசிகர் ஓர் ஆல்பத்தில் மூன்று பாட்டுகளை வாங்கி, 2.97 டாலர் கொடுத்துவிட்டார். பாட்டுகள் பிடித்துப்போய், முழு ஆல்பமும் வேண்டும் என்று தோன்றுகிறது. இப்போது 9.99 டாலர் கொடுத்தால் மூன்று பாட்டுகளை இரண்டாவது முறை வாங்குவதாக ஆகும். மொத்தச் செலவு 12.96 டாலர். முதல் நாளே ஆல்பத்தை வாங்கியவரைவிட, கேட்டுப் பார்த்து ரசித்து வந்தவர் அதிகம் கொடுக்கவேண்டிய நிலை. கூடுதலாக வாங்க வாய்ப்புள்ள ஆளையே கடை விரட்டிக்கொண்டிருந்தது.

2007 மார்ச் இறுதியில் ஆப்பிள் ‘கம்ப்ளீட் மை ஆல்பம்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே வாங்கிய ஒவ்வொரு பாட்டுக்கும் 99 சென்ட் ஆல்பத்தின் விலையில் கழிக்கப்படும். மூன்று பாட்டு வாங்கியவர் 7.02 டாலர் கட்டினால் மீதிப் பாட்டுகள் அவருடையவை. முதல் பாட்டை வாங்கியதிலிருந்து 180 நாட்களுக்குள் முடிவு செய்தால் போதும்.

இதில் தள்ளுபடி என்று எதுவும் இல்லை. கூட்டிப் பார்த்தால் அவர் கொடுத்தது அதே 9.99 டாலர்தான், முதல் நாளே ஆல்பத்தை வாங்கியவர் கொடுத்த அதே தொகை. தாமதமாக முடிவெடுத்ததற்கு அபராதம் இல்லை, அவ்வளவே. ஆனால் அந்த ஒரு மாற்றம் பேச்சின் தொனியையே மாற்றிவிடுகிறது. “இதையும் வாங்கு” என்பது “உன் ஆல்பத்தில் இத்தனை பாட்டு பாக்கி” என்று ஆகிறது. 180 நாள் என்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஆறு மாதம் என்பது ஓர் ஆல்பத்தோடு பழகிப் பார்க்கப் போதுமான காலம். “இன்றிரவு 12 மணி வரை மட்டும்” என்ற பதற்றத்துக்கு அதில் வேலை இல்லை.

எல்லோருக்கும் இது லாபமா என்றால், இல்லை. ஆல்பத்தில் 14 பாட்டுகள் இருந்தால் மீதமுள்ள 11 பாட்டுகளைத் தனித்தனியே வாங்க 10.89 டாலர் ஆகும். 7.02 டாலருக்குக் கிடைப்பது நிஜமான மிச்சம். அதே ஆல்பத்தில் மொத்தமே 10 பாட்டுகள்தான் என்றால் மீதி ஏழும் தனித்தனியாக 6.93 டாலருக்கே கிடைத்துவிடும். அங்கே 7.02 டாலர் சலுகை ஒன்பது சென்ட் நஷ்டம். ஒரே சலுகை ஒரு வாடிக்கையாளருக்குப் பயனாகவும் இன்னொருவருக்குப் பயனற்றதாகவும் இருக்கிறது. அவரிடம் இப்போது என்ன இருக்கிறது, இன்னும் என்ன தேவை என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பும் கடைகள் தவறுவது இந்த இடத்தில்தான்.

அதே ஆண்டு மே மாதம் ஆப்பிள் இன்னொரு மேம்பாட்டை முன்வைத்தது. இம்முறை கணக்கு தொடக்கத்தில் சரியாக இருந்து, பின்னர் தடம் மாறியது. அதுவரை விற்ற பாட்டுகளில் ஒரு நகல் பூட்டு இருந்தது. ஐந்து கணினிகளுக்கு மேல் அவை பாடாது. ஒலித் தரமும் நொடிக்கு 128 கிலோபிட் அளவுதான். பூட்டு நீக்கி, 256 கிலோபிட் தரத்தில், ‘ஐடியூன்ஸ் பிளஸ்’ என்ற பெயரில் இஎம்ஐ நிறுவனத்தின் பாட்டுகள் 1.29 டாலருக்கு வந்தன. பழைய பாட்டை வைத்திருப்பவர்கள் பாட்டுக்கு 30 சென்ட் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். 1.29-லிருந்து 99 சென்டைக் கழித்தால் சரியாக 30 சென்ட். ரயில் பரிசோதகரின் அதே வித்தியாசக் கணக்கு. மாற்றிக்கொள்ளாதவரின் பழைய பாட்டு பழையபடியே பாடிக்கொண்டிருந்தது. கிடைக்கும் பொருளும் உண்மையிலேயே மேலானது: பூட்டு இல்லாத பாட்டை வேறு நிறுவனத்தின் கருவியிலும் கேட்கலாம்.

ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் பிளஸ் பாட்டுகளின் விலை 99 சென்டாகக் குறைந்தது. புதிதாக வருபவருக்குப் பூட்டில்லாத பாட்டு 99 சென்ட். பழைய வாடிக்கையாளருக்கோ, 99 கொடுத்த பிறகும் மேலே 30 சென்ட். வித்தியாசம் மறைந்த பின்னும் வித்தியாசத் தொகை நின்றது. 2009 ஜனவரியில் மற்ற பெரிய இசை நிறுவனங்களின் பாட்டுகளும் பூட்டு நீங்கி வரத் தொடங்கியபோதும் அதே 30 சென்ட்தான். போதாததற்கு, தகுதியுள்ள பாட்டுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும், வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது என்ற நிலை இருந்தது. 300 பாட்டு வைத்திருந்தவருக்கு 90 டாலர். கேட்காமல் கிடக்கும் பாட்டுக்கும் சேர்த்துக் கட்ட யாருக்கு மனம் வரும்? முணுமுணுப்பு எழுந்தது. சில வாரங்களில் பாட்டு பாட்டாக மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது.

இலவசமாகக் கொடுத்தால் வற்புறுத்தலாகவே தோன்றாது என்று நினைப்பவர்கள் விண்டோஸ் 10-இன் கதையைப் பார்க்கவேண்டும். 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அதை இலவசமாகக் கொடுத்தது. பணமே கேட்காத ஒரு மேம்பாடு. ஆனாலும் உலகெங்கும் அது கோபத்தைச் சம்பாதித்தது. கணினியின் மூலையில் அழைப்புப் பெட்டி திரும்பத் திரும்ப வந்து நின்றது. ஒரு கட்டத்தில், மேம்பாட்டுக்கு நேரம் குறித்துவிட்டதாகச் சொல்லும் பெட்டி வந்தபோது, மூலையில் இருந்த ‘X’ குறியை அழுத்தி மூடினால் அது மறுப்பாகக் கொள்ளப்படவில்லை. குறித்த நேரத்தில் மேம்பாடு தொடங்கியது. பல ஆண்டுகளாக ‘X’ என்றால் வேண்டாம் என்று பழகிய கை ஏமாந்தது. சலுகைக் காலம் முடியும் தறுவாயில்தான் வெளிப்படையாக மறுக்கும் வழியை நிறுவனம் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில், அதன் சந்தைப்படுத்தல் தலைவராக இருந்த கிறிஸ் காப்பசெலா, தாங்கள் எல்லை மீறிப் போய்விட்டதாகப் பொதுவில் ஒப்புக்கொண்டார். வாங்கியவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அந்தச் சொல் வேலை செய்யவேண்டும். அது இல்லாதபோது பொருள் நல்லதாக இருந்தும், இலவசமாக இருந்தும் பயனில்லை.

இந்தியாவில் இது சட்டத்தின் பார்வைக்கும் வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய விற்பனையில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. நச்சரித்துக்கொண்டே இருப்பது, பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, மறுப்பவரைக் கூச வைப்பது மூன்றும் அதில் உண்டு. “வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிப்பதில் விருப்பமில்லை” என்று எழுதப்பட்ட பொத்தானை அழுத்த வைப்பது மூன்றாவது வகை.

சிறு தொழில் செய்பவர் இதை எப்படிச் செய்யலாம்? கற்பனையாக ஒரு கணக்கு. வீட்டிலிருந்தபடி தையல் சொல்லித்தரும் ஒருவர் பிளவுஸ் வகுப்பின் வீடியோக்களை 600 ரூபாய்க்கும், பிளவுஸ், சுடிதார், பாவாடை சட்டை சேர்ந்த முழு வகுப்பை 2,000 ரூபாய்க்கும் விற்கிறார். பிளவுஸ் வகுப்பை மட்டும் வாங்கியவர் மேலே செல்லக் கொடுக்கவேண்டியது 1,400 ரூபாய். இதற்காகவே முழு வகுப்பின் விலையை 2,600 என்று ஏற்றி, 600-ஐக் கழித்து, 2,000 கேட்பவர்களும் உண்டு. கண்டுபிடிப்பது எளிது: இன்று புதிதாக வந்து சேர்பவரிடம் முழு வகுப்புக்கு என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்தால் போதும். பழையவர் கட்டிய மொத்தம் அதைத் தாண்டினால் கழிவு என்பது வெறும் பேச்சு.

வீடியோவுக்குப் பிரதி எடுக்கும் செலவு இல்லை என்பதால் அந்த ஆசிரியரால் 600 ரூபாயையும் முழுதாகக் கழிக்க முடிகிறது. மிக்ஸி விற்பவரால் முடியாது. 500 வாட் மிக்ஸி ஒரு மாதம் சட்னி அரைத்துத் திரும்பி வந்தால் அது பழைய மிக்ஸி, விலை பாதியாகிவிடும். அவர் பெரிய மிக்ஸியைத் தள்ளிவிடப் பார்ப்பதைவிட, அதே மிக்ஸிக்குப் பொருந்தும் ஜூஸ் ஜாரைக் காட்டுவது நியாயம். வாங்கியது வாங்கியபடி இருக்கும், இல்லாதது சேரும்.

தையல் ஆசிரியர் செய்தியை அனுப்பும் நாளும் முக்கியம். பணம் கட்டிய அன்றே அனுப்பினால், வாங்கியது அரைகுறையோ என்ற சந்தேகம்தான் கிளம்பும். மாணவி தான் தைத்த முதல் பிளவுஸை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பும் நாள் பொருத்தமானது. “கழுத்து வளைவு அழகா வந்திருக்குங்க. அடுத்து சுடிதார் கத்துக்க நினைச்சீங்கன்னா, நீங்க கட்டின 600 ரூபாயைக் கழிச்சுக்கிட்டு 1,400 கட்டினா போதும். ஆறு மாசம் வரைக்கும் இதே கணக்குதான். பிளவுஸ் மட்டும் போதும்னாலும் சரிங்க, அந்த வகுப்புல சந்தேகம் வந்தா எப்பவும் போலக் கேளுங்க.” ஒரே ஒரு முறை அனுப்பினால் போதும். மாணவி “இப்போதைக்கு வேண்டாம் மேடம்” என்கிறார். இரண்டு வாரம் கழித்து அவரே கை சுருக்கம் சரியாக வரவில்லை என்று படம் அனுப்புகிறார். ஆசிரியர் அளவு நாடாவை எடுத்துவைத்து, எங்கே அரை அங்குலம் கூடிவிட்டது என்று காட்டி அன்று மாலையே பதில் அனுப்புகிறார். அந்தப் பதிலில் சுடிதார் என்ற சொல்லே இல்லை.